எருமைக்கு இரண்டு வெயில்

கத்திரி வெயிலில் வேப்பமரத்தடியில் நாட்டுப் பசு நிதானமாக அசை போட்டுக்கொண்டிருக்கும். அதே நிழலில் கட்டிய எருமை கழுத்தை நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக மூச்சிரைக்கும். காரணம் தோலில் இருக்கிறது. எருமையின் கறுத்த தோல் வெயிலை அப்படியே உள்வாங்குகிறது. மறைப்பதற்கு ரோமம் அதிகமில்லை. வியர்வைச் சுரப்பிகளோ நாட்டு மாட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வியர்த்துத் தணித்துக்கொள்ள வழியில்லாத உடம்பு அது.

வெளியிலிருந்து வரும் இந்த வெயில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. எருமையின் வயிற்றுக்குள் இன்னொரு வெயில் உண்டு. அதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தின்ற தீவனம் பெருவயிற்றில் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. வைக்கோல், சோளத்தட்டு போன்ற நார் மிகுந்த தீவனத்தில் இது அதிகம். தின்று மூன்று நான்கு மணி நேரத்தில் அந்தச் சூடு உச்சத்தை நெருங்கும்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து, ஒன்பது மணிக்கு வைக்கோலை அள்ளிப் போடுவது பல வீடுகளில் வழக்கம். அந்த வைக்கோலின் சூடு பன்னிரண்டு, ஒரு மணிக்கு ஏறும். தலைக்கு மேல் சூரியனும் அப்போதுதான் கொதிக்கும். இரண்டையும் தாங்க முடியாத எருமை தீனியைக் குறைத்துக்கொள்கிறது. பால் குறைகிறது. நார்த் தீவனம் உள்ளே போகாததால் கொழுப்பும் இறங்கி, சொசைட்டியில் விலையும் குறைகிறது.

தீர்வுக்குக் காசு செலவில்லை. நேரத்தை மாற்றினால் போதும். நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம், 6 கிலோ வைக்கோல், 4 கிலோ கலப்புத் தீவனம் தின்னும் ஒரு முர்ரா எருமையை எடுத்துக்கொள்வோம். விடிகாலை ஐந்து மணிக்கு 10 கிலோ பசும்புல். கலப்புத் தீவனம் பாதிப் பாதியாக இரண்டு கறவைக்கும். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை தொட்டி நிறையத் தண்ணீர் மட்டும். பொழுது சாய்ந்ததும் மீதி 15 கிலோ பசும்புல்லும் வைக்கோல் முழுவதும். மொத்த அளவு குறையவில்லை. ஆனால் பெரும்பங்கு இரவில் செரிக்கிறது. ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது நல்லது. தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த நீரை எருமை மோந்து பார்த்துவிட்டு விலகும்.

வெளி வெயிலுக்குக் குட்டையை விஞ்சிய மருந்தில்லை. முழங்கால் மடக்கி, மூக்கும் கொம்பும் மட்டும் தெரிய எருமை அமிழ்ந்து கிடக்கும்போது, உடம்பின் சூடு நீருக்குப் போகிறது. எழுந்து வந்த பிறகும் ஒட்டிய சேறு மெல்லக் காய்ந்து தோலைக் குளிர வைக்கிறது. உச்சி வெயிலுக்கு முன்பே ஓட்டிப்போய், வெயில் தணிந்தபின் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நண்பகலில் இரண்டு கிலோமீட்டர் நடத்திச் சென்றால் கிடைத்த குளிர்ச்சி வழியிலேயே போய்விடும். கறந்த கையோடு குட்டையில் விடுவதும் ஆபத்து. காம்பின் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் சேறு பட்டால் மடிநோய் தொற்றும். நத்தைகள் நிறைந்த தேங்கிய குட்டையில் கல்லீரல் புழுவும் காத்திருக்கும்.

குட்டை இல்லாத ஊரில் கொட்டகைதான் கதி. தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினாலே உள்ளே இறங்கும் அனல் குறையும். தெளிப்பான் வைப்பவர்கள் பலர் நாள் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள்; தரை சேறாகிறது, எருமை குளிரவில்லை. ஒரு லிட்டர் நீர் தோலில் 10 டிகிரி சூடேறி வழிந்தால் 10 கிலோ கலோரிதான் எடுத்துப் போகும். அதே நீர் தோலிலேயே ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்கு எடுத்துப் போகும். அதனால் தோல் நனையும்படி ஓரிரு நிமிடம் பெரிய துளிகளாகத் தெளித்து, நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மின்விசிறியை ஓடவிட்டு, மறுபடி தெளிக்க வேண்டும். பனி போன்ற நுண்துளி ரோமத்தின் மேலேயே நின்றுவிடும்.

கடலோரத்தில் இந்தக் கணக்கு தடுமாறும். புழுக்கமான காற்றில் நீர் சுலபமாக ஆவியாகாது. அங்கே விசிறியும் திறந்த பக்கங்களும் தெளிப்பானைவிட முக்கியம். அமிழ்ந்து கிடக்க ஒரு தொட்டி கட்டினால் இன்னும் நல்லது. அதன் தரை வழுக்காமல் சொரசொரப்பாக, இறங்கச் சரிவாக இருக்க வேண்டும்.

செய்ததெல்லாம் பலிக்கிறதா என்பதை விலாவே சொல்லும். மதியம் இரண்டு மணிக்கு எருமையின் பக்கத்தில் நின்று, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சாதாரணமாக இருபதையொட்டி இருக்கும். நாற்பதைத் தாண்டினால் நிழலோ நீரோ போதவில்லை. அறுபதைத் தாண்டி, வாய் திறந்து நுரை ஒழுகித் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியைப் போட்டுவிட்டு, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மயங்கும் நிலையில் வாய்க்குள் தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.