மூன்று பாட்டில் தண்ணீர், எட்டு மூடி சர்க்கரை

1982-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் கிராமங்களில் தாய்மார்களுக்கு ஒரு வண்ணத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் செய்முறை முழுவதும் படமாகவே இருந்தது. மூன்று குளிர்பான பாட்டில் தண்ணீர், அந்த பாட்டிலின் மூடியால் எட்டு மூடி சர்க்கரை, ஒரு மூடி உப்பு. பேதியாகும் குழந்தைக்கு வீட்டிலேயே கலக்கிக் கொடுக்கும் கரைசல் அது.

பாட்டிலைத் தேர்ந்தெடுத்ததில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. லிட்டர் அளவுள்ள பாத்திரம் எல்லா வீட்டிலும் இருக்காது. ஸ்பூனும் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் ஜுல்பேர்ல் என்ற குளிர்பானத்தின் பாட்டிலும் மூடியும் அங்கே மூலைமுடுக்கெல்லாம் கிடைத்தன. எங்கே வாங்கினாலும் ஒரே அளவு. மூன்று பாட்டில் தண்ணீர் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும்.

அளவில் இவ்வளவு கறார் எதற்கு? குடலின் சுவர் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது கூடவே உப்பையும் இழுக்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. பேதியின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. சர்க்கரை கூடிப்போனால் தண்ணீர் உடம்புக்குள் போவதற்குப் பதிலாகக் குடலுக்குள் வந்து, பேதி அதிகமாகும். உப்பு கூடினால் ஆபத்து இன்னும் பெரிது: ரத்தத்தில் உப்பு ஏறி, குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

படம் மட்டும் போதாது என்பதையும் காம்பியாக்காரர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், அதற்கு என்ன பொருள் என்று வானொலியில் விளக்கினார்கள். பிறகு கிராமம் கிராமமாகப் போட்டி வைத்தார்கள். எல்லோர் முன்னாலும் சரியாகக் கலக்கிக் காட்டிய தாய்க்குப் பரிசு.

நம் ஊரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எளிதில் கிடைக்கிறது. கலக்க வேண்டியது தண்ணீர் மட்டும் என்பதால் தப்பு நடக்காது என்று நினைத்துவிடுகிறோம். பாக்கெட்டில் இரண்டு அளவு உண்டு: பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். அதைக் குடித்த குழந்தைக்குத் தாகம் அடங்காது, இன்னும் கேட்கும். ஆசையாகக் குடிக்கிறான் என்று அம்மா மறுபடியும் கொடுப்பாள். படத்தில் ‘ஒரு டம்ளர்’ மட்டும் வரைந்திருந்தால் இந்தத் தப்புக்கு அந்தப் படமே வழிகாட்டி.

நமக்கான படத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வரையலாம். பெட்டிக்கடைவரை எங்கும் இருப்பது அது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதில் கழுத்துவரை நிரப்பி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, ஒரு பாக்கெட்டை முழுவதும் கொட்டிக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டை நாளைக்கு என்று மடித்து வைக்கக் கூடாது. கலக்கிய பிறகு கொதிக்கவைக்கவும் கூடாது. 24 மணி நேரத்தில் தீராததைக் கொட்டிவிட வேண்டும். இதைக் கடிகாரம் வரைந்து காட்டுவதைவிட, சூரியன் உதித்து, மறைந்து, மீண்டும் உதிப்பதாக வரைந்தால் சட்டென்று விளங்கும்.

பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். படம் வரைபவர் கோபுரமாகக் குவிந்த ஸ்பூனை வரைந்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் உப்பு இரண்டு மடங்காகிவிடும். ஸ்பூனின் மேல் ஒரு கத்தி வழித்துச் செல்வதாக வரைவதே சரி.

எந்தப் படமும் எளிதில் சொல்ல முடியாத ஒன்று உண்டு. இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது. வெளியே போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும். இது தெரியாத தாய், இரண்டு தரம் கொடுத்தும் பேதி நிற்கவில்லையே என்று கைவிட்டுவிடுவாள். ஆகவே இதை வாயால் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு தடவை பேதியானதும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மெதுவாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலும் சாப்பாடும் தொடர வேண்டும். மலத்தில் ரத்தம், குடிக்கவே முடியாத சோர்வு, குழிவிழுந்த கண் என்றால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பிரசுரத்தைக் கொடுக்கும் அங்கன்வாடி ஊழியரோ செவிலியரோ, “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “எங்கே, எனக்கு ஒரு தடவை கலக்கிக் காட்டும்மா” என்று பாட்டிலைக் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். வீட்டு உப்பு, சர்க்கரையில் கலக்கியதென்றால் நாக்கில் வைத்தும் பார்க்கலாம். கண்ணீரைவிடக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும்.