ட்யூஷன் கட்டணமும் கட்-ஆஃப் கணக்கும்

போன அக்டோபரில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இந்தப் பேச்சுதான் ஓடியது. பையன் பன்னிரண்டாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 71, இயற்பியலில் 74, வேதியியலில் 82. மூன்று பாடத்துக்கும் சேர்த்து பொதுத்தேர்வு வரை பயிற்சி தரும் ஒரு கோச்சிங் சென்டரில் கேட்டோம். கட்டணம் 60,000 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 10,800. ஐந்து மாதத்துக்குப் போக்குவரத்துச் செலவு 7,500. ஆக மொத்தம் 78,300.

பணம் இல்லாமல் இல்லை. சீட்டு எடுத்து வைத்த தொகை இருந்தது. ஆனால் அது கல்லூரி முதல் வருடக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியது. "ஏங்க, எல்லாரும் சேக்கறாங்க. நாம மட்டும் விட்டுட்டு, நாளைக்கு மார்க் குறைஞ்சா அவன் நம்மள கேக்க மாட்டானா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. பயத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது, கணக்குப் போடத் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எந்த மார்க்குக்காகப் பணம் கொடுக்கிறோம்? பையன் குறி வைப்பது தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு. அதன் கட்-ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் அப்படியே 100-க்குச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50 என்று சேரும்.

```
கட்-ஆஃப் = கணிதம் + இயற்பியல்/2 + வேதியியல்/2
         = 71 + 37 + 41 = 149
```

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது அடுத்தது. கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70 மட்டும். மிச்சம் 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். அந்த 30-ல் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்துவிடும். அதை ட்யூஷன் வாங்கித் தரப்போவதில்லை. ஆகவே ட்யூஷன் கை வைக்கக்கூடிய இடம் கணிதத்தில் 90 கட்-ஆஃப் புள்ளி. மற்ற இரண்டிலும் 70-ல் பாதி, தலா 35 தான். எங்கள் பையன் இழந்திருந்த 51 புள்ளிகளில் 29 கணிதத்தில், 13 இயற்பியலில், 9 வேதியியலில். மூன்று பாடத்துக்கும் சமமாக நேரம் ஒதுக்கும் பேக்கேஜ், இழப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ட்யூஷன் எடுக்கிறார். மாதம் 2,500. ஐந்து மாதத்துக்கு 12,500. அவருக்கு ஜிஎஸ்டியும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. இப்போது இரண்டையும் ஒப்பிடலாம்.

இங்கேதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு வருகிறது. "ட்யூஷன் போனால் எவ்வளவு ஏறும்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, "போகாவிட்டால் ஏறுவதைவிட எவ்வளவு கூட ஏறும்?" என்பது. காலாண்டுக்கும் பொதுத்தேர்விற்கும் நடுவே பள்ளியிலேயே திருப்புதல் தேர்வுகள் வரிசையாக நடக்கும். சும்மா இருந்தாலும் பாடத்துக்கு நாலு மார்க் ஏறும் என்று வைத்தேன். கோச்சிங் போனால் கணிதத்தில் 10, இயற்பியலில் 8, வேதியியலில் 6 ஏறும் என்றும் தாராளமாகவே வைத்தேன். தானாக ஏறும் நாலைக் கழித்தால் மிஞ்சுவது 6, 4, 2. கட்-ஆஃபில் 6 + 2 + 1 = 9 புள்ளி. கணித ட்யூஷனும் கணிதத்தில் அதே பத்தைத் தரும் என்று எடுத்துக்கொண்டால், நிகரம் 6 புள்ளி.

அதாவது முதல் 6 புள்ளிக்கு 12,500 ரூபாய், புள்ளிக்கு ஏறக்குறைய 2,080. அதற்கு மேல் வரும் 3 புள்ளிக்கு 65,800, புள்ளிக்கு ஏறக்குறைய 21,900. பத்து மடங்குக்கும் மேல்! மொத்தத் தொகையை மொத்தப் பலனோடு வகுத்துப் பார்த்தால் புள்ளிக்கு 8,700 என்று வரும். "பரவாயில்லையே" என்று தோன்றும். கடைசி மூன்று புள்ளியின் விலை அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்கிறது.

என் ஊகங்கள் தப்பாக இருக்கலாம். கோச்சிங்கின் கூடுதல் பலன் நான் நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு, 6 புள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் புள்ளிக்குப் பதினோராயிரம் ஆகிறது. முடிவு மாறவில்லை.

அந்த மூன்று புள்ளிக்கு மதிப்பே இல்லையா? இருக்கலாம். ஆனால் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது, அது படிக்கட்டு மாதிரி. முந்தைய வருடங்களில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த இன ஒதுக்கீட்டில் எத்தனையில் இடம் முடிந்தது என்ற பட்டியல் கலந்தாய்வுத் தளத்திலேயே கிடைக்கும். நாம் விரும்பும் நாலைந்து கல்லூரிகளின் எண்களை அதில் பாருங்கள். அந்த மூன்று புள்ளி ஒரு படியைத் தாண்ட வைத்தால் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. இரண்டு படிக்கு நடுவே நிற்க வைத்தால் இல்லை. எங்கள் பட்டியலில் தாண்டவில்லை.

கணித ட்யூஷனில் மட்டும் சேர்த்தோம். முதல் மாதத் தேர்விலேயே 80 வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். நான் நம்பவில்லை. ஏனென்றால் நாம் பிள்ளையை ட்யூஷனில் சேர்ப்பதே ஒரு மோசமான மார்க்கைப் பார்த்த பிறகுதான். மோசமான தேர்வுக்கு அடுத்தது பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும், ட்யூஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். புள்ளியியலில் இதற்குச் சராசரி நோக்கிய பின்வாங்கல் என்று பெயர். அதனால் ட்யூஷன் இல்லாத பாடங்களையே அளவுகோலாக வைத்தேன். அரையாண்டில் கணிதம் 78, இயற்பியல் 77, வேதியியல் 85. மற்ற இரண்டும் தானாக மூன்று ஏறியிருக்கின்றன. கணிதத்தின் ஏழில் மூன்றைக் கழித்தால் ட்யூஷனின் பங்கு நாலு. ஒரே பையன், இரண்டே தேர்வு, ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் 'தொடரலாமா, நிறுத்தலாமா' என்று முடிவெடுக்க இது போதும். மாதக் கட்டணம் என்பதால் நிறுத்தும் உரிமையும் நம் கையில் இருக்கிறது. மொத்தமாகக் கட்டியிருந்தால் அது போயிருக்கும். நடுவில் விலகினால் மிச்சக் காலத்துக்குரிய பணத்தைப் பத்து நாளில் திருப்ப வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனாலும் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு நீட், ஜேஇஇ-க்கு அப்படியே பொருந்தாது. அங்கே தப்பான விடைக்கு மார்க் குறையும், கேள்வி கேட்கும் விதமும் பள்ளித் தேர்வு மாதிரி இல்லை. பயிற்சி இல்லாமல் தானாக ஏறும் அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் கழிக்கும் முறை அதேதான்.

மனைவியின் கேள்விக்குப் பதில்? அரையாண்டு மார்க் வந்த அன்று இந்தக் கணக்கைப் பையனிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இயற்பியல்ல அஞ்சு மார்க் கேள்விகள நானே பாத்துக்கறேன்பா" என்றான். சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது. கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் சில நாட்களுக்குள் கட்ட வேண்டிய பணம் அது.