நாற்பத்தேழு வினாடி: அம்மாச்சியிடம் பேட்டி எடுத்த கதை

எங்க குடும்பத்துக்காக ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்துக்கிட்டிருக்கேன். முக்கியமான ஆள் என் அம்மாச்சி. எண்பத்து மூணு வயசு. கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் அதே பழைய வீட்டில்தான் இருக்காங்க. போன மாசம் ரெண்டு நாள் பேட்டி எடுத்தேன். முதல் நாள் படு தோல்வி. ரெண்டாவது நாள் எனக்கும் அம்மாவுக்கும் தெரியாத ஒரு விஷயம் வெளியே வந்தது. நடுவில் நான் மாற்றியது ரெண்டே விஷயம்: கேள்வியையும், கேட்ட பிறகு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கேன் என்பதையும்.

முதல் நாள் கேட்ட கேள்வி இது: "அம்மாச்சி, அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு?"

"என்னத்தப்பா, கஷ்டந்தான். மழை, குளிரு, காட்டு வேலை."

அவ்வளவுதான். அடுத்த கேள்வி, அடுத்த ஒரு வரி பதில். நாற்பது நிமிஷம் இப்படியே போச்சு. ராத்திரி படுக்கப் போகும் முன் அந்த ஒலிக்கோப்பில் எங்கெல்லாம் அமைதி இருக்குன்னு பார்க்கலாம்னு தோணுச்சு. ஒரே கட்டளை போதும்:

```
ffmpeg -i day1.wav -af silencedetect=noise=-35dB:d=3 -f null -
```

மூணு வினாடிக்கு மேல் நீளும் ஒவ்வொரு அமைதியின் தொடக்கம், முடிவு, நீளத்தை இது வரிசையாகக் காட்டும். ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குத் தகரக் கூரை, வெளியே தூறல். அந்தச் சத்தம் -35dB-க்கு மேல இருந்தால் நிரலுக்கு அமைதியே கண்ணில் படாது, பட்டியல் காலியாக வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. -30dB ஆக்கினதும் சரியாச்சு.

ஆறு இடம் காட்டியது. ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டேன். ஆறிலும் அமைதியை உடைத்தது நான்தான். அதில் ஒரு இடத்தில் அம்மாச்சி "அப்ப..." என்று தொடங்கியிருக்காங்க. அது மேலேயே என் அடுத்த கேள்வி ஏறி உட்கார்ந்திருக்கு. ரெண்டு குரல் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்த இடம் படத்துக்கும் உதவாது, வெட்டிப் பிரிக்கவும் முடியாது.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று வகுப்பறைப் பதிவுகளில் அளந்து 1970-களில் எழுதினார். சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூணு வினாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே மூணு வினாடி தேவை என்றால், அறுபது வருஷத்துக்கு முந்தினதைத் தேடுற ஒருத்தருக்கு?

மறுநாள் பேச்சைத் தொடங்கும் முன் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்தேன். பிறகு வெட்டி ஒட்டும் இடங்களுக்கு அடியில் இதைப் போட்டால்தான் மழைச் சத்தம் அறுந்து அறுந்து கேட்காது. அந்த ஒரு நிமிஷம் இன்னொரு விதத்திலும் உதவியது. இந்த அறையில் சும்மா இருந்தாலும் தப்பில்லைன்னு ரெண்டு பேருக்கும் பழகிடுச்சு.

கேள்வியையும் மாற்றினேன். "வாழ்க்கை எப்படி" என்று கேட்டால் தீர்ப்புதான் பதிலாக வரும். கண்ணுக்கு முன்னாடி இருக்கிற ஒரு இடத்தைக் கேட்டால், அந்த இடத்துக்குள் போய்ப் பார்த்துச் சொல்வாங்க. அதனால் அடுப்புக்கு மேலே காட்டி, "இங்க என்ன தொங்கும்?" என்று கேட்டேன். பூண்டு. கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டி, விதைக்கு வைத்திருந்த மலைப்பூண்டு. புகை கண்ணைக் கரிக்கும், மழைக்காலத்தில் எல்லாரும் அந்த அடுப்பைச் சுற்றித்தான் படுப்பாங்களாம்.

"யார் யார் எங்க படுப்பீங்க அம்மாச்சி?"

"இங்கிட்டு நானு. கதவோரம் உங்க தாத்தா. உங்கம்மா இந்த மூலையில. இதுல தொட்டில்..."

நிறுத்திட்டாங்க. தொட்டில் யாருக்கு? என் பெரிய மாமா பிறந்தது அதற்கு ரொம்பப் பிந்தி. கேட்க வாய் வரை வந்துடுச்சு. கேட்கவில்லை. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தையே பார்த்தால் பதிலுக்காக நெருக்குவது போல ஆகிடும். "ம்" கொட்டவும் இல்லை.

அமைதியில் ரெண்டு வகை இருக்கு. பேசி முடித்துவிட்டால் அம்மாச்சி என்னை நிமிர்ந்து பார்ப்பாங்க, இல்லைன்னா "காப்பி போடவா?" என்பாங்க. உள்ளே தேடிக்கிட்டு இருந்தால் பார்வை வேற எங்கேயோ நிற்கும், கை சேலை முந்தியை மடிச்சு மடிச்சு நீவும். அன்றைக்குக் கை நீவிக்கிட்டே இருந்தது. அதனால் காத்திருந்தேன். பிறகு அளந்து பார்த்தபோது அது நாற்பத்தேழு வினாடி.

"உங்கம்மாவுக்கு அடுத்து ஒருத்தன் இருந்தான்ப்பா. உக்காரப் பழகல. மழ விடவே இல்ல. கொடைக்கானலுக்குத் தூக்கிட்டு நடந்தோம். வழியிலேயே போயிட்டான்."

பிள்ளைகள் நாலு பேர் என்றுதான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம். அவங்க கணக்கில் அஞ்சு.

அது எந்த வருஷம்? "வருஷம் என்ன?" என்று கேட்டால் தெரியாது என்பாங்க. ரொம்ப நேரம் கழித்து, "கல்யாணத்தப்ப மலை எப்படி இருந்துச்சு அம்மாச்சி?" என்று கேட்டேன். "மலையே நீலமா கெடந்துச்சு, குறிஞ்சி பூத்த வருசம்" என்றாங்க. நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷச் சுற்று. கொடைக்கானல் பக்கம் கடைசியாக 2018-ல் பூத்தது. அதற்கு முன் 2006, 1994, 1982. அப்படியே பின்னால் எண்ணினால் 1970, 1958. அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த வருஷம் 1960. ஆக, கல்யாணம் 1958-ல்தான். தம்பி பிறந்தது "உங்கம்மா நடை பழகுறப்ப" என்றாங்க. அப்படிப் பார்த்தால் 1961 வாக்கில்.

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. குறிஞ்சியில் பல வகை இருக்கு, எல்லாமே பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் "மலை முழுக்கவா, அங்கங்கயா?" என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழில் உள்ள வருஷமும் அந்தக் காலத்தில் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும் என்று என் குறிப்பில் எழுதி வைத்திருக்கேன். தனியாக நின்றால் ரெண்டுமே நம்ப முடியாதவை. ஒன்றுக்கொன்று பொருந்துவதால்தான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்று மாலை அதே கட்டளையை day2.wav மேல் ஓட்டினேன். முப்பத்தொரு அமைதி. நான் உடைத்தது நாலு.

படத்தில் நாற்பத்தேழு வினாடியையும் அப்படியே விடலாமா என்று ரெண்டு வாரம் யோசித்தேன். பத்து வினாடியாகச் சுருக்கிப் பார்த்தால், கேட்டதுமே சொன்ன மாதிரி இருக்கு. அது பொய். அதனால் முழுசாகவே வைத்திருக்கேன். திரையில் கை மட்டும் தெரியும்.

ஆனால் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நான் இல்லையே. திரும்பவும் வில்பட்டிக்குப் போய் அந்தப் பகுதியை அம்மாச்சிக்கும் அம்மாவுக்கும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அம்மா அழுதாங்க. அம்மாச்சி முழுசையும் பார்த்துட்டு, "இருக்கட்டும். அவன் பேர மட்டும் எடுத்துரு, அத நான் வச்சுக்கிறேன்" என்றாங்க.

எடுத்துட்டேன். கோப்பின் மூலப்பிரதியிலும் அந்த மூணு வினாடியை அழித்துவிட்டேன்.