மருத்துவமனை வாராந்திர வருகைக் கணக்கு

மருத்துவமனை வாராந்திர வருகைக் கணக்கு என்பது, முன்பதிவுத் தாளிலிருந்து நோயாளிகளின் பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எடுத்து வெளியிடும் முறையாகும்.

முன்பதிவு செய்த எல்லோரும் வருவதில்லை. எனவே தாளின் D நெடுவரிசையில் "வந்தார்" என்று குறித்த வரிசைகளை மட்டுமே எண்ண வேண்டும். A நெடுவரிசையில் தேதியும், B1 கட்டத்தில் திங்கட்கிழமைத் தேதியும் இருந்தால் சூத்திரம் இது:

```
=COUNTIFS(Booking!A:A,">="&B1,Booking!A:A,"<"&B1+7,Booking!D:D,"வந்தார்")
```

விடையை மட்டும் தனிக் கோப்பில் மதிப்பாக ஒட்டி வெளியிட வேண்டும். முன்பதிவுத் தாளை மறைத்துவிட்டு அதே கோப்பைப் பகிர்ந்தால், பார்ப்பவர் நகலெடுத்து அதைத் திறந்துவிடலாம்.

பெயரை நீக்கினாலும் சிறிய எண்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, பல்லடத்தில் ஒரு சிறு மருத்துவமனைக்கு ஒரு வாரத்தில் 64 பேர் வந்ததாகக் கொள்வோம். காய்ச்சல் 31, சர்க்கரை நோய் 21, காயம் 10, காசநோய் 2. அந்த இருவர் யார் என்பதை அக்கம்பக்கத்தார் எளிதில் ஊகித்துவிடுவர். அந்த 2-ஐ மட்டும் மறைப்பதும் பயன்படாது. 64-இலிருந்து மற்ற மூன்றின் கூட்டுத்தொகையான 62-ஐக் கழித்தால் அது வெளிப்பட்டுவிடும். ஆகவே காயத்தையும் காசநோயையும் சேர்த்து "பிற 12" எனக் காட்ட வேண்டும். அமெரிக்க அரசின் மெடிக்கேர் திட்டத் தரவுகளில் 1 முதல் 10 வரையிலான எண்ணிக்கைகள் வெளியிடப்படுவதில்லை.

கணக்கை நாள்தோறும் புதுப்பித்தாலும் இதே கழித்தல் நடக்கும்: நேற்று 12, இன்று 13 என்றால், இன்று வந்தவர் ஒருவரே. அதனால் வாரம் முடிந்தபின் ஒரே முறை புதுப்பிப்பதே பாதுகாப்பானது.