ஒரு கிலோ துவரை, நான்கு வாரம்

ரேஷன் கடையில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். வெளிக்கடையில் அதே பருப்பை வாங்க இதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் தினமும் சாம்பார் வைத்தால் அந்த ஒரு கிலோ பத்து நாளைக்குக்கூட வராது. அப்போது கை தானாகவே பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும். காய் குறைந்தால் ருசிதான் குறையும். பருப்பு குறைந்தால் பிள்ளைகளின் தட்டில் புரதம் குறையும். ஆளுக்கு 30 கிராம் பருப்பில் கிடைப்பது ஆறேழு கிராம் புரதம்தான். அதற்கும் ரொம்பக் கீழே போகக் கூடாது என்பேன்.

அதனால் வாரத் திட்டத்தைத் துவரையிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு கிலோவை நான்காகப் பிரித்தால் வாரத்துக்கு 250 கிராம். ஒரு நாள் சாம்பாருக்கு 120, ஒரு நாள் அரிசிம்பருப்பு சாதத்துக்கு 100, ரசத்துக்கு ஒரு கைப்பிடி. மற்ற நாட்களைப் பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, தட்டப்பயறு, கொள்ளு, மொச்சை பார்த்துக்கொள்ளும். சாதத்துக்கு ஒரு வேளைக்கு 400 கிராம் அரிசி போதும்.

அடுத்தது காய். எது முதலில் வாடுமோ அதை முதலில் சமைக்க வேண்டும். ஞாயிறு காலை உழவர் சந்தையில் மொத்தமாக வாங்கும் வீட்டில், அதுவும் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், இந்த ஒரு கணக்கு பிசகினால் வியாழக்கிழமை பாதிக் காய் குப்பைக்குப் போகும்.

தை மாதத்தை எடுத்துக்கொள்வோம். அவரை, மொச்சை, முள்ளங்கி, கத்தரி, பரங்கி எல்லாம் மலிந்து வரும் நேரம். ஞாயிறு இரவு கீரைதான். இரண்டு கட்டு சிறுகீரையோடு 120 கிராம் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு. முள்ளங்கியை இலையோடு வாங்கியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் இலையை நறுக்கித் தனியே எடுத்துவிட வேண்டும். இலை ஒட்டியிருந்தால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும், கிழங்கு தொய்ந்துபோகும். இளம் இலையை அன்றைய கீரையிலேயே சேர்த்துவிடலாம். காசு கொடுக்காமல் கிடைத்த இன்னொரு கட்டு அது.

திங்கள் அவரைக்காய், கடலைப்பருப்புப் போட்ட கூட்டு. அந்தக் கைப்பிடித் துவரையை வேகவைத்துக் கரைத்து ரசம். செவ்வாய் கத்தரிக்காய் மொச்சைக் குழம்பு. மொச்சைக்காயை உரித்தால் எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் கொட்டை தேறும், ஆகவே விலை கேட்கும்போதே அதை இரண்டாகப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். அந்த வாரம் விலை ஏறியிருந்தால் காய்ந்த மொச்சையை முந்தைய இரவே ஊறவைப்பது லாபம். புதன் முள்ளங்கி சாம்பார்.

வியாழன் பரங்கிக்காயும் தட்டப்பயறும். பரங்கியைக் கீற்றாக வாங்கினால் இரண்டு நாளில் கொழகொழத்துவிடும். சிறிய முழுக்காயாக வாங்கினால் வாரக்கணக்கில் மூலையில் கிடக்கும். வியாழன் அறுத்துப் பாதியைக் குழம்பில் போட்டு, மீதியை வெள்ளி இரவு அரிசிம்பருப்பு சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பொரியலாக்கலாம். வெள்ளிக்கு ஒரே குக்கர்தான், கேஸும் மிச்சம்.

சனிக்கிழமை கூடை காலி. அன்றைக்குக் கொள்ளு. 150 கிராமை இரவே ஊறவைத்து, குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, வெந்த தண்ணீரை வடித்து ரசம் வைக்க வேண்டும். கொள்ளை இரண்டு வரமிளகாய், பூண்டு, சீரகத்தோடு மசித்தால் சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம். ஒரு பருப்பில் இரண்டு பதார்த்தம், காய்ச் செலவே இல்லை.

இந்தத் திட்டம் பெரும்பாலும் தடுமாறுவது பருப்பு வேகாத நாளில்தான். பழைய பருப்பு வேக நேரமாகும். போர்வெல் உப்புத் தண்ணீரில் வைத்தால் இன்னும் மோசம். அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இளகவிடாது. குடிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே மாதிரித் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கும்போது நடுவில் மணல் போல நெருடினால் இன்னும் வேகவில்லை என்று பொருள். அதற்குள் புளிக்கரைசலை ஊற்றிவிட்டால் பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் சரியாகக் குழையாது. பயறுக்கும் கொள்ளுக்கும் இதே பக்குவம்தான்: முழுக்க வெந்த பிறகே புளியும் தக்காளியும்.

சந்தையில் அவரை திடீரென்று விலை ஏறியிருந்தால் அதற்காகப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அதே போல் சீக்கிரம் வாடும் வேறொரு காயைத் திங்களுக்கு வையுங்கள்: வெண்டையோ பீர்க்கனோ, எது மலிவோ அது. கிழமையும் பருப்பும் மாறாமல் இருந்தால் போதும்.