தேதி, பில், கேள்வி: வாரம் மூன்று பதிவுகள்

ஈரோட்டில் ஜவுளிக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் ஒரு வரி ஆலோசகரை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு விற்பனை விவரம் தரும் GSTR-1-க்கு 11-ம் தேதி கடைசி நாள். வரி கட்டும் GSTR-3B-க்கு 20-ம் தேதி. அந்த நாட்கள் நெருங்கினால் அவருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் தினம் ஒரு பதிவு போட அவரால் முடியாது. வாரம் மூன்று போதும்.

திங்கட்கிழமை தேதி. அந்த வாரம் வரும் கடைசி நாள் எது, அதற்குள் கடைக்காரர் என்ன அனுப்ப வேண்டும் என்று இரண்டே வரி.

புதன்கிழமை பில். ஒரு நிஜமான சிக்கலை ஒரு பில்லின் வழியாகச் சொல்வது. கடைக்காரர் 2 லட்சம் ரூபாய்க்குத் துணி வாங்கி, 5 சதவீத வரியாக 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். விற்றவர் அந்த பில்லைத் தன் GSTR-1-ல் ஏற்றவில்லை. 14-ம் தேதி வரும் GSTR-2B-ல் அது இருக்காது. அந்த 10,000 ரூபாயை அம்மாதம் கழித்துக்கொள்ள முடியாது. கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். ஆகவே 11-ம் தேதிக்கு முன்பே விற்றவரிடம் கேட்டுவிடுங்கள் என்று பதிவு முடியும். பில்லைப் படம் எடுத்துப் போட்டால் கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், பில் எண் மூன்றையும் மறைத்துவிட வேண்டும். ஒருவருடைய கொள்முதல் விலை ஊருக்குத் தெரிந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

வெள்ளிக்கிழமை கேள்வி. இதற்கு மேஜையில் ஒரு நோட்டு போதும். போனில் வரும் கேள்வியைக் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்க வேண்டும். “இந்த மாசம் வியாபாரமே இல்லைங்க, அப்பவும் ரிட்டர்ன் போடணுங்களா?” போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் அதுவே அடுத்த வெள்ளிக்கு.

எழுத உகந்த காலம் 22 முதல் 25 வரை. ரிட்டர்ன் வேலை முடிந்து, வந்த சிக்கல்கள் நினைவில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கான பில், கேள்விப் பதிவுகளை இரண்டு மணி நேரத்தில் எழுதிவைக்கலாம். தேதிப் பதிவை மட்டும் முன்கூட்டியே தானாக வெளியாகும்படி வைக்கக் கூடாது. அரசு சில நேரம் கடைசி நாளை நீட்டிக்கும்; பழைய தேதி வெளியானால் குழப்பம். திங்கள் காலை gst.gov.in தளத்தைப் பார்த்த பிறகே போட வேண்டும்.

பலன் தருகிறதா என்பதை லைக் எண்ணிக்கை சொல்லாது. நோட்டைப் புரட்டுங்கள். பதில் சொன்ன கேள்வி மறுமாதமும் அதே அளவில் வந்தால் பதிவு புரியவில்லை. வேறு பில்லை வைத்துத் திரும்ப எழுதுங்கள்.