ஒரு வாரத்திற்கான சைவப் புரத உணவு

சிதம்பரத்தில் வசித்து, நாள்தோறும் கடலூர் அலுவலகத்திற்குச் சென்று வரும் அறுபது கிலோ எடையுள்ள பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடையைச் சிறிது குறைக்க 1,500 கலோரி அளவும், நாளொன்றுக்கு 60 கிராம் புரதமும் அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம்.

"தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே" என்பதே எங்களிடம் வருவோர் பெரும்பாலும் கூறும் மறுமொழி. ஆனால் ஒரு கரண்டிச் சாம்பாரில் பத்துப் பதினைந்து கிராம் பருப்புதான் இருக்கும். அதில் கிடைக்கும் புரதம் மூன்று கிராம் அளவே. எனவே வேகவைக்கும் முன் பருப்பை எடைபோடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 40 கிராம் பருப்பு எனில் ஒன்பது கிராம் புரதம் கிடைக்கும்.

திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் காலையில் 50 கிராம் முழுப் பாசிப்பயறை ஊறவைத்து அரைத்த தோசை இரண்டு. இதில் 11 கிராம் புரதம் உண்டு. மற்ற நாள்களில் மூன்று இட்லியும், 20 கிராம் பருப்பிட்ட சாம்பாரும் ஏறக்குறைய அதே அளவைத் தரும். மதியம் 75 கிராம் அரிசிச் சோறு, 40 கிராம் பருப்பிட்ட கூட்டு, காய்கறிப் பொரியல், ஒன்றரைக் கிண்ணம் (150 கிராம்) தயிர் ஆகியவை சேர்ந்து 22 கிராம். துவரை, பாசிப்பருப்பு, கொள்ளு என மாற்றிக்கொள்ளலாம். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஆறு கிராம் தரும். பண்ணுருட்டி முந்திரியும் அதே எடைக்கு ஏறத்தாழ அதே புரதத்தைத் தரும். ஆனால் கலோரி ஏறக்குறைய இரு மடங்கு! இரவில் இரண்டு சப்பாத்தியுடன் 50 கிராம் பனீர் அல்லது 20 கிராம் மீல்மேக்கர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இவற்றால் 16 கிராம். ஒரு குவளை பாலின் ஆறு கிராமையும் சேர்த்தால் கணக்கு நிறைவுறும். எண்ணெய் நாள் முழுவதற்கும் நான்கு தேக்கரண்டி, பழம் ஒன்று.

ஞாயிறன்று சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் இல்லாமல் சிதம்பரத்து வீடு இருக்குமா? அன்று மதியம் பருப்புக் கூட்டு இல்லாததால் ஒன்பது கிராம் குறையும். சுண்டலை 50 கிராமாக உயர்த்தி, தயிரை இரு மடங்காக்கினால் அது ஈடாகிவிடும்.

முதல் வாரத்தில் வயிறு உப்பினால் பயறின் அளவைப் பாதியாக்கி, இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கவும். சிறுநீரகப் பாதிப்பு உடையோர் இதனைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்குரிய புரத அளவை மருத்துவரே முடிவு செய்வார். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்போர், சோற்றின் அளவைக் குறைக்கும் முன் எங்களிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவு மாறாமல் சோறு மட்டும் குறைந்தால் நடுக்கம், வியர்வை, மயக்கம் ஆகியவை ஏற்படக்கூடும்.